ஒரே தாளில் அளவும் தூரமும்: வானியல் சொற்பொழிவை விளக்கப்படமாக்குவது எப்படி?

கேள்வி: போன மாதம் கோட்டூர்புரத்தில் ஒரு வானியல் சொற்பொழிவு கேட்டேன். குறிப்புகளும் ஒலிப்பதிவும் கையில் இருக்கின்றன. எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்காக அதை ஓர் ஏ1 தாளில், சரியான அளவு விகிதத்தில், விளக்கப்படமாக்க முயல்கிறேன். தூரத்தைச் சரியாக வைத்தால் கோள்களே தெரியவில்லை. கோள்களைத் தெரியும்படி வரைந்தால் தூரம் தாளுக்குள் அடங்கவில்லை. என்ன செய்வது?

பதில்:

உங்கள் கணக்கில் தவறு எதுவும் இல்லை. சூரியனையும் எட்டுக் கோள்களையும் அளவு, தூரம் இரண்டும் பிசகாமல் ஏற்றுக்கொள்ள எந்தச் சுவர்த்தாளாலும் முடியாது. ஏ1 தாளின் நீளப் பக்கம் 841 மி.மீ. ஓரம் விட்டு 800 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சூரியனிலிருந்து நெப்டியூன் வரை 450 கோடி கி.மீ. அதை இந்த 800 மி.மீ.க்குள் அடக்கினால், ஒரு மில்லிமீட்டருக்கு 56 லட்சம் கி.மீ. வருகிறது. ஏறக்குறைய 14 லட்சம் கி.மீ. விட்டமுள்ள சூரியன் தாளில் கால் மில்லிமீட்டர்தான், கூர்மையான பென்சில் முனை பட்ட புள்ளி. பூமியின் விட்டம் அதில் 109-ல் ஒரு பங்கு. அங்குலத்துக்கு 300 புள்ளி அச்சடிக்கும் இயந்திரத்தின் ஒரு புள்ளியே 0.085 மி.மீ. இருக்கும், பூமிக்கு அந்தப் புள்ளியில் 37-ல் ஒரு பங்கு போதும். வியாழனே கூட ஒரு புள்ளியை நிரப்பாது.

ஆகவே வரைவதற்கு முன் ஒரே ஒரு வகுத்தல் செய்துகொள்ளுங்கள். படத்தில் வரப்போகும் மிகப் பெரிய தூரத்தை, மிகச் சிறிய உருண்டையின் விட்டத்தால் வகுங்கள். 2 மி.மீ.க்குக் குறைந்த வட்டம் சுவரில் வட்டமாகத் தெரியாது என்பது என் அனுபவம். 800-ஐ 2-ஆல் வகுத்தால் 400. உங்கள் விடை 400-க்குள் இருந்தால் அந்தக் காட்சி ஏ1 தாளில் அடங்கும், மேலே போனால் அடங்காது. நெப்டியூனின் தூரத்தைப் புதனின் விட்டத்தால் வகுத்தால் 9 லட்சத்துக்கு மேல் வருகிறது. சூரியனையும் பூமியையும் மட்டும் எடுத்தாலும் 11,700 வருகிறது. பூமியும் நிலவும் என்றால்? 3,84,400-ஐ 3,474-ஆல் வகுத்தால் வெறும் 111.

உங்கள் தாளின் மையக் காட்சி அதுதான் என்பேன். நாம் அன்றாடம் பார்க்கும் வானத்தில் அளவும் தூரமும் ஒரே விகிதத்தில் ஒரு தாளில் உட்காரக்கூடிய இணை பூமியும் நிலவும். பாடநூல் படங்களில் நிலவு பூமிக்குப் பக்கத்திலேயே, இரண்டு மூன்று பூமி விட்டத் தூரத்தில் நிற்கும். உண்மையில் இடையே 30 பூமிகளை வரிசையாக அடுக்கும் அளவு தூரம் இருக்கிறது. படத்தைச் சரியாக வரைந்து மாட்டினால், பிள்ளைகள் நிலவை முதலில் தேடுவார்கள். அது தாளின் மறுகோடியில் இருக்கும்.

வரையும் முன் ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் நுழைகின்றன. மேடையில் பேசுபவர் காதுக்காகப் பேசுகிறார். ஒரு வாக்கியத்தில் மில்லியன், அடுத்ததில் கோடி, அதற்கடுத்ததில் "ஒளி நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும்" என்பார். கேட்பவருக்கு அது போதும். வரைபவருக்குப் போதாது. நோட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே மூன்று விஷயங்களை எழுதுங்கள்: என்ன அலகு, விட்டமா ஆரமா, எங்கிருந்து எங்கே. பில்லியன் என்றால் 100 கோடி, மில்லியன் என்றால் 10 லட்சம். அலகு மாற்றும்போது ஒரு சுழி தவறுவது மிகச் சாதாரணம். அதைப் பிடிக்க ஒளியே உதவும். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. போகிறது. 450 கோடியை 3 லட்சத்தால் வகுத்தால் 15,000 விநாடி, அதாவது 4 மணி 10 நிமிடம். பேச்சாளர் நான்கு மணி நேரம் என்று சொல்லியிருந்தால் உங்கள் சுழிகள் சரி. 40 நிமிடமோ 40 மணியோ வந்தால் எங்கேயோ ஒன்று போயிருக்கிறது.

"மடங்கு" என்ற சொல் வரும் இடங்களில் பதிவை நிறுத்தி, திரும்பவும் கேளுங்கள். சூரியனுக்குள் 13 லட்சம் பூமிகள் அடங்கும் என்பது கன அளவைப் பற்றிய பேச்சு. படத்துக்கு வேண்டியது விட்டம், அது 109 மடங்குதான். 109-ஐ மூன்று முறை பெருக்கித்தான் அந்த 13 லட்சம் வருகிறது. இன்னொரு பக்கமும் சறுக்கலாம். வியாழன் 11 மடங்கு என்பதை வட்டத்தின் பரப்புக்குப் போட்டுவிட்டால் விட்டம் 3.3 மடங்காகச் சுருங்கிவிடும். இந்த வகைப் படங்களில் எண்ணை விட்டத்துக்கு மட்டுமே போடுங்கள்.

அநேகமாக உங்கள் சொற்பொழிவிலும் இந்த வாக்கியம் வந்திருக்கும்: "பூமிக்கும் நிலவுக்கும் நடுவே மற்ற ஏழு கோள்களையும் வரிசையாக வைத்துவிடலாம்." கேட்டதும் எல்லோரும் வியக்கும் செய்தி, படமாகப் போட ஆசை வரும். போடுவதற்கு முன் கூட்டிப் பாருங்கள். ஏழு கோள்களின் சராசரி விட்டங்களைக் கூட்டினால் ஏறக்குறைய 3,80,000 கி.மீ. வருகிறது. நிலவின் சராசரித் தூரமோ 3,84,400. அடங்குகிறது என்று தோன்றும். ஆனால் அந்தத் தூரம் பூமியின் மையத்திலிருந்து நிலவின் மையம் வரை. இரண்டின் ஆரங்களையும் கழித்தால் நடுவில் கிடைக்கும் காலி இடம் சுமார் 3,76,300 கி.மீ. மட்டுமே. ஏறக்குறைய 3,700 கி.மீ. இடம் பற்றவில்லை, புதன் வெளியே நின்றுவிடும்.

அப்படியானால் பேச்சாளர் சொன்னது பொய்யா? இல்லை. நிலவின் பாதை நீள்வட்டம். தொலைவில் இருக்கும்போது அது 4,05,000 கி.மீ. வரை போகிறது, அப்போது தாராளமாக அடங்கும். அருகில் வரும்போது 3,63,000 வரை குறைகிறது, அப்போது அடங்கவே அடங்காது. கோள்களும் சரியான உருண்டைகள் அல்ல. வியாழனும் சனியும் வேகமாகச் சுழல்வதால் இடுப்பு பருத்தவை. வியாழனின் நடுக்கோட்டு விட்டம் 1,42,984 கி.மீ., துருவ விட்டம் 1,33,708 கி.மீ. எல்லாக் கோள்களையும் துருவ விட்டப்படி அடுக்கினால் கூட்டல் சுமார் 3,64,800. சராசரித் தூரத்திலேயே இடம் மிஞ்சுகிறது. நடுக்கோட்டு விட்டப்படி அடுக்கினால் 3,87,900. மையத்திலிருந்து மையம் வரை எடுத்தாலும் போதாது. ஒரே வாக்கியம், எந்த விட்டம், எந்த நாள் என்பதைப் பொறுத்து உண்மையாகவும் பொய்யாகவும் ஆகிறது. நான் இதைப் படத்தில் போட்டபோது நிலவைத் தொலைவு நிலையில் வைத்து, "நிலவு தொலைவில் இருக்கும் நாளில்" என்று எழுதினேன். அந்த ஒரு சொற்றொடர் இல்லாமல் அந்தப் படத்தை மாட்டாதீர்கள்.

இனி வரைதல். 1 மி.மீ. என்பது 500 கி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியும்தான், ஆனால் முழு எண்ணாக இருந்தால் பிள்ளைகள் அளவுகோலை வைத்துத் தாங்களே கணக்குப் போட முடியும். அந்தச் சலுகைக்காகக் கொஞ்சம் இடத்தை இழக்கலாம். பூமியின் விட்டம் 12,742 கி.மீ., தாளில் 25.5 மி.மீ.; பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியது. நிலவு 6.9 மி.மீ., ஒரு கொண்டைக்கடலை. இரண்டின் மையங்களுக்கும் இடையே 768.8 மி.மீ. பூமியின் மையத்தை இடது விளிம்பிலிருந்து 25 மி.மீ. தள்ளி வைத்தால் நிலவின் மையம் 793.8-ல் விழுகிறது. இரண்டு பக்கமும் அச்சுக்குத் தேவையான ஓரம் கிடைக்கிறது.

வட்டத்தைச் சுட்டியால் இழுத்து வரையாதீர்கள்; அரை மில்லிமீட்டர் கூடினாலும் நிலவில் அது ஏழு சதவீதம். இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருள் திறக்கும் எஸ்விஜி கோப்பில் எண்களை நேரடியாக எழுதிவிடலாம்:

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg"
     width="841mm" height="594mm" viewBox="0 0 841 594">
  <rect width="841" height="594" fill="black"/>
  <circle cx="25" cy="150" r="12.74" fill="royalblue"/>
  <circle cx="793.8" cy="150" r="3.47" fill="silver"/>
  <rect x="25" y="200" width="100" height="1" fill="white"/>
</svg>
```

முதல் வரிகளில் தாளின் அளவும் `viewBox` எண்களும் ஒன்றாக இருப்பதால் உள்ளே எழுதும் ஒவ்வோர் எண்ணும் ஒரு மில்லிமீட்டர். `r` என்பது ஆரம். விட்டத்தை அங்கே எழுதிவிட்டால் வட்டம் இரு மடங்காகிவிடும், தூரம் மட்டும் சரியாக இருக்கும்; பார்த்தால் தப்பு என்று தோன்றாது. சந்தேகம் வந்தால் பூமி வட்டத்தை நகலெடுத்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு அடுக்கிப் பாருங்கள். ஒரு மையத்திலிருந்து மற்ற மையம் வரை 30 பூமிகள் வர வேண்டும். பதினைந்தே வந்தால் ஆரத்துக்குப் பதில் விட்டத்தை எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில் உள்ள வெள்ளைக் கோடு 100 மி.மீ. நீளம், அதாவது 50,000 கி.மீ. அதன் தேவையைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் காட்சியில் இன்னும் இரண்டே இரண்டு பொருள்களைச் சேர்க்கலாம். பன்னாட்டு விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது, தாளில் பூமியின் விளிம்பிலிருந்து 0.8 மி.மீ. தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் 35,786 கி.மீ. உயரத்தில்; தாளில் 72 மி.மீ. மனிதர்கள் விண்வெளி என்று அன்றாடம் புழங்கும் இடம் பூமியின் தோலை ஒட்டியே முடிந்துவிடுகிறது என்பது அந்த 0.8 மி.மீ. கோட்டைப் பார்த்ததும் புரியும். சந்திரயான்-3 ஏவப்பட்டது 2023 ஜூலை 14, இறங்கியது ஆகஸ்ட் 23. தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாற்பது நாள்கள் என்று நிலவின் அருகே சிறிதாக எழுதலாம்.

மற்றக் கோள்களுக்குத் தாளின் கீழ்ப்பாதியில் இரண்டு தனிப்பட்டைகள் வேண்டும். தனித்தனிச் சட்டம், தனித்தனி அளவுக்கோடு, பின்னணி நிறமும் வேறு. இரண்டையும் ஒன்றுடன் ஒன்று ஒட்டவிடாதீர்கள், கண் உடனே இரண்டுக்கும் ஒரே விகிதம் என்று எடுத்துக்கொள்ளும்.

முதல் பட்டை தூரத்துக்கு மட்டும். 1 மி.மீ.க்கு 60 லட்சம் கி.மீ. என்று வைத்தால் பூமி சூரியனிலிருந்து 25 மி.மீ., வியாழன் 130, சனி 239, யுரேனஸ் 478, நெப்டியூன் 750. இங்கே கோள்களை வட்டமாக வரையக் கூடாது, செங்குத்துக் கோடுதான். வட்டம் போட்டால் அது அளவு என்று வாசகர் நினைப்பார். புதன் முதல் செவ்வாய் வரை நான்கும் 38 மி.மீ.க்குள் நெருங்கிக் கிடக்கும், பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். இடம் போதவில்லை என்று கோடுகளை நகர்த்தாதீர்கள். பெயர்களை மேலும் கீழுமாகப் பிரித்து மெல்லிய கோட்டால் இணையுங்கள். அந்த நெருக்கமே சொல்ல வேண்டிய செய்தி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே, 60 மி.மீ.யில், ஒரு சிறு கோடு போட்டு "ஆசியா" என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் 1861-ல் கண்டுபிடித்த சிறுகோள் அது. நம் ஊரிலிருந்து கண்டுபிடித்த உலகம் ஒன்று அந்தப் பட்டையில் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது பட்டை அளவுக்கு மட்டும். 1 மி.மீ.க்கு 2,000 கி.மீ. வியாழன் 70 மி.மீ., சனியின் உருண்டை 58, பூமி 6.4, புதன் 2.4. சூரியன் 696 மி.மீ. வந்து தாளின் உயரத்தையே மீறிவிடும், அதனால் இடது ஓரத்தில் அதன் வளைவை மட்டும் காட்டுங்கள். வளைவின் ஆரம் 348 மி.மீ. இருக்க வேண்டும். ஒப்புக்கு ஒரு மஞ்சள் வளைவு போடுபவர்கள் பலர், அங்கே முழுப் பட்டையும் பொய்யாகிவிடுகிறது.

விண்மீன்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தூரத்தை ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்காக ஏற்றும் மடக்கைக் கோட்டில் எல்லாவற்றையும் அடக்க முடியும். ஆனால் அந்தக் கோட்டை 1,000 கி.மீ.யில் தொடங்கினால், பூமியிலிருந்து நிலவுக்குப் போவதும் நிலவிலிருந்து சூரியனுக்குப் போவதும் ஏறக்குறைய சம தூரமாகத் தெரியும். மேலே கஷ்டப்பட்டுக் காட்டிய வெறுமையை அது அழித்துவிடும். பள்ளிச் சுவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதில் தாளின் அடியில் ஒரு பத்தி எழுதுங்கள், மெரினாவை வைத்து.

1 மீட்டர் என்றால் 10 லட்சம் கி.மீ. என்று வைத்துக்கொண்டு, 1.4 மீட்டர் உயரமுள்ள சூரியனைக் கலங்கரை விளக்கத்தடியில் நிறுத்துங்கள். வடக்கே 150 மீட்டர் நடந்தால் பூமி, ஒரு சின்னக் கோலிக்குண்டு. அதிலிருந்து 38 செ.மீ. தள்ளி மிளகைவிடச் சிறிய நிலவு. வியாழன் 780 மீட்டரில். யுரேனஸ் சுமார் 2.9 கி.மீ.யில், சென்னைப் பல்கலைக்கழகம் வரும் இடத்தில். நெப்டியூன் 4.5 கி.மீ.யில், ஏறக்குறைய புனித ஜார்ஜ் கோட்டையில். இந்த விகிதத்தில் ஒளி விநாடிக்கு 30 செ.மீ.தான் நகரும், தவழும் குழந்தையின் வேகம். சூரியனிலிருந்து பூமிக்கு வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நமக்கு அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி எங்கே? 4.24 ஒளியாண்டு இந்த விகிதத்தில் 40,100 கி.மீ. கோட்டையைத் தாண்டி நடந்துகொண்டே போனால் உலகத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றி மறுபடி கலங்கரை விளக்கத்துக்கே வந்துவிடும் தூரம்.

கடைசியாக அச்சு. சில ஆண்டுகளுக்கு முன் இதே பூமி–நிலவு படத்தை ஒரு கடையில் அச்சடித்து, பெசன்ட் நகர் கடற்கரையில் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பென்சில் பெட்டியிலிருந்து அளவுகோலை எடுத்துப் பூமியின்மேல் வைத்துப் பார்த்தாள். 24 மி.மீ.தான் இருந்தது. படத்தில் எழுதியிருந்தபடி அதை 500-ஆல் பெருக்கி, பூமி 12,000 கி.மீ. என்று சொன்னாள். அவள் கணக்கு சரி, என் தாள் தவறு. அச்சு உரையாடல் பெட்டியில் "Fit to page" தேர்வாகி இருந்ததால் படம் முழுவதும் சுருங்கியிருந்தது. பூமி, நிலவு, தூரம் மூன்றும் ஒரே அளவில் சுருங்கியதால் ஒப்பீடு கெடவில்லை, "1 மி.மீ. = 500 கி.மீ." என்ற எழுத்து மட்டும் பொய்யாகிவிட்டது. அந்த வெள்ளைக் கோடு இதற்காகத்தான். படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும், விரியும், அதனால் கைப்பேசித் திரையில் பார்த்தாலும் "இந்தக் கோடு 50,000 கி.மீ." என்பது உண்மையாகவே இருக்கும். கோடு கட்டாயம், எழுத்து விகிதம் வேண்டுமென்றால் "ஏ1 அளவில்" என்ற சொல்லோடு சேர்த்து எழுதுங்கள்.

கடைக்குப் போகும்போது கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள். "Actual size" தேர்வாகி இருக்கிறதா என்று திரையிலேயே பாருங்கள். தாள் வெளியே வந்ததும் சுருட்ட விடாமல், அங்கேயே வெள்ளைக் கோட்டை அளவுகோலால் அளந்துவிடுங்கள், 100 மி.மீ. இருக்க வேண்டும். மாட்டும்போது பூமி–நிலவுக் காட்சி மாணவர்களின் கண் மட்டத்தில் வரட்டும். நிலவு 7 மி.மீ.கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் நின்றால்தான் தெரியும்.